மூக்கு ட்யூப் வழியே அப்பாவுக்குச் சாப்பாடு: வார்டிலிருந்து ஏற்காடு வீடு வரை

அப்பாவுக்கு 64 வயது, எடை 60 கிலோ. சர்க்கரை உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பக்கவாதம் வந்து சேலத்தில் 12 நாள் வார்டில் இருந்தார். கை கால் கொஞ்சம் அசைய ஆரம்பித்துவிட்டது. விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் கொடுத்தால் தொண்டையிலிருந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. அதனால் மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபோடு ஏற்காட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போவது மகள்.

இந்த வழிகாட்டி அந்த வீட்டின் முதல் வாரத்தை வரிசையாக எடுத்துப் பார்க்கிறது. புதிதாகச் செய்கிறவர்கள் கஞ்சி ஊற்றுவதைத்தான் வேலை என்று நினைக்கிறார்கள். ஊற்றுவது சுலபம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய 5 நிமிட வேலையை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான ஆபத்து வருகிறது.

1. டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள்: எழுதி வாங்க வேண்டியவை

முதலில் ஓர் எண். ட்யூபின் மேல் சென்டிமீட்டர் குறிகள் இருக்கும். மூக்கு ஓட்டையில் எந்தக் குறி நிற்கிறது என்று சிஸ்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இந்த அப்பாவுக்கு 55. சில ட்யூபில் எல்லா எண்ணும் இருக்காது, இரண்டு மூன்று கோடுகள் மட்டும் இருக்கும். அப்படியானால் மூக்கை ஒட்டி அழியாத மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மூக்கிலிருந்து மூடி வரை வெளியே தொங்கும் நீளத்தை இஞ்சு டேப்பால் அளந்து எழுதலாம். இந்த எண் இல்லாமல் வீட்டுக்கு வந்தால், ட்யூப் நகர்ந்ததா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள வழியே இருக்காது.

அடுத்து, ட்யூப் போட்ட தேதியும் மாற்ற வேண்டிய தேதியும். சாதாரண பிளாஸ்டிக் ட்யூபைச் சில வாரங்களில் மாற்றிவிடுவார்கள். சிலிக்கான் ட்யூப் அதைவிட அதிக நாள் தாங்கும். எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல வாரத்துக்கு மேல் ட்யூப் தேவைப்படும் என்று தோன்றினால், வயிற்றில் நேரடியாக வைக்கும் குழாயைப் பற்றியும் டாக்டரிடம் கேட்கலாம்.

மூன்றாவது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, வேளைக்கு எவ்வளவு. இந்த அப்பாவுக்கு 6 வேளை, வேளைக்கு 250 மில்லி. காலை 6, 9, மதியம் 12, 3, மாலை 6, இரவு 9. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் 30, பின்னால் 30 மில்லி தண்ணீர். கணக்குப் போட்டால் கஞ்சி 1500, தண்ணீர் 360, ஆக 1860 மில்லி. இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த மொத்தம் குறையும். பக்கத்துப் படுக்கைக்காரரின் அளவைப் பார்த்து எழுதிக்கொண்டு போகக்கூடாது.

நான்காவது, வார்டை விட்டுக் கிளம்புமுன் மூன்று வேளையாவது சிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்க, மகளே முழுக்கச் செய்ய வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. சிஸ்டர் செய்யும்போது எல்லாம் சுலபமாகத் தெரியும். நாமே பிடிக்கும்போதுதான் ட்யூபை மடிக்க மறப்பது, மூடி கட்டிலுக்கடியில் உருள்வது எல்லாம் நடக்கும்.

மூன்றாம் வேளையில் சிஸ்டர் இந்த மகளைத் தடுத்தார். "ஏம்மா, பால எடுத்துட்டு நேரா வந்துட்ட. குறியப் பாத்தியா?" அவள் பார்த்திருக்கவில்லை. அன்றைக்குக் குறி சரியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது. அதனால் அவள் அதைத் தாளில் பெரிதாக எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாள்: "குறி 55. பார்த்தாயா?"

2. வாங்கி வைக்க வேண்டியவை

50 மில்லி சிரிஞ்சு இரண்டு. ஊசி மாட்டும் சிறு நுனி கொண்டது ஆகாது. ட்யூபுக்குள் இறுக்கமாக உட்காரும் நீண்ட, கூம்பு நுனி கொண்டதாகக் கேட்டு வாங்க வேண்டும். மருந்துக் கடையில் "ஃபீடிங் சிரிஞ்சு" என்றால் தெரியும். ஏற்காட்டில் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் சேலத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

மூக்கில் ஒட்டும் பிளாஸ்டர், அளவு குறித்த குவளை, மெல்லிய டீ வடிகட்டி, சர்க்கரை பார்க்கும் மீட்டர், பஞ்சு, சின்ன டார்ச். டார்ச் எதற்கு என்று தோன்றும். வாய்க்குள் பார்க்க.

பிஹெச் தாள் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வயிற்று நீரின் அமிலத்தை அது காட்டும். எப்படிப் பயன்படுத்துவது என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது.

3. மலை ஏறும் நாள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல உடம்புக்காரருக்கே குமட்டும். வயிறு நிறையக் கஞ்சியோடு அப்பாவைக் காரில் உட்காரவைத்தால் வாந்தி வரும். விழுங்கத் தெரியாதவருக்கு வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகும்.

அதனால் கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பே அந்த வேளையை முடித்துவிட வேண்டும். அடுத்த வேளை வீட்டில். வேளை தள்ளிப்போவதால் இன்சுலினை எப்போது போடுவது என்பதை வார்டிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியில் முன் சீட்டைச் சற்றே சாய்த்து, தலைக்கும் கழுத்துக்கும் தலையணை வைத்து உட்காரவைக்கலாம். மல்லாந்து படுக்கவைக்கக் கூடாது. ட்யூபின் மூடியை இறுக்கி, தொங்கும் பகுதியைச் சட்டையில் பின் குத்திவிட வேண்டும். சீட் பெல்ட்டில் ட்யூப் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவது உண்டு.

வீட்டுக்குள் போனதும் முதல் வேலை குறியைப் பார்ப்பது. 20 வளைவும் ஏறி, இருமி வந்த பிறகு 55 இன்னும் 55ஆகத்தான் இருக்கிறதா என்று.

4. கஞ்சி: ட்யூபில் இறங்க வேண்டும், பலமும் இருக்க வேண்டும்

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இழுக்கும். கெட்டியாக இருந்தால் அடைக்கும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் அளவு 250 மில்லி அப்படியே இருக்கும், சத்து பாதியாகிவிடும். ஒரு மாதம் கழித்து அப்பா மெலிந்துபோவதற்கு இதுதான் வழக்கமான காரணம். "வேளை தவறாமத்தான் குடுக்கறோம்" என்பார்கள். கொடுத்ததில் பெரும்பகுதி தண்ணீர்.

உணவியல் நிபுணர் இந்த அப்பாவுக்கு எழுதிய அளவு நாளைக்குச் சுமார் 1500 கலோரி. அதாவது 250 மில்லியில் 250 கலோரி இருக்க வேண்டும், மில்லிக்கு ஒன்று. அதற்கு ஒரு வேளைக் கஞ்சி: பால் 150 மில்லி, முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு 20 கிராம், கடலை எண்ணெய் 2 டீஸ்பூன். பாலில் சுமார் 90, மாவில் 70, எண்ணெயில் 90. சர்க்கரை வியாதி என்பதால் சீனி இல்லை. அதன் இடத்தை எண்ணெய் எடுத்துக்கொள்கிறது. கடுகெண்ணெய், நல்லெண்ணெய் என்று எதுவானாலும் கலோரி ஒன்றுதான்.

மாவு முளைகட்டியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி அதில் உண்டாகிறது. அந்த மாவில் காய்ச்சும் கஞ்சி, அதே அளவு சாதா மாவில் காய்ச்சியதைவிட நீர்க்க இருக்கும். ஆனால் கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் நொதி உடனே செத்துவிடும், கஞ்சி பசையாகிவிடும். ஆறிய தண்ணீரில் கரைத்து, சின்னத் தீயில் வைத்து, மெல்லச் சூடேற விட வேண்டும். கொதி வருவதற்கு முன்பான அந்தச் சில நிமிடங்களில்தான் கஞ்சி இளகுகிறது. மாவை வறுக்கும்போதும் அதிகம் சிவக்க விடக்கூடாது. அதிலும் நொதி போய்விடும்.

நன்றாக வெந்தபின் பாலைச் சேர்த்து, எண்ணெய் விட்டுக் கலக்கி, டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும். கடைசியில் 250 மில்லிக்கு வரும்படி தண்ணீர் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கரண்டியைத் தூக்கினால் மோர் மாதிரி ஒழுக வேண்டும். தோசை மாவு மாதிரி விழுந்தால் ட்யூபில் போகாது.

நாள் முழுக்க இதே கஞ்சி கொடுத்தால் புரதம் குறைகிறது. இரண்டு வேளை பாசிப்பருப்பையும் அரிசியையும் குழைய வேகவைத்து, மிக்சியில் அடித்து, இருமுறை வடித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். புரத மாவும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பொடியானாலும் கட்டியில்லாமல் கரைந்திருக்க வேண்டும்.

ஏற்காட்டில் இன்னொரு தொல்லை: குளிர். மார்கழியில் அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி 20 நிமிடத்தில் ஆறிக் கெட்டியாகிவிடும். சேலத்தில் ஓடிய அதே கஞ்சி மலைமேல் ஓடவில்லை என்று திகைப்பார்கள். குவளையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக்கொண்டே ஊற்றினால் போதும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சுடக்கூடாது. ட்யூப் வழியே போகும்போது நாக்கு சூட்டைச் சொல்லாது.

காய்ச்சியதை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்ச்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம். குளிராக இருக்கிறதே, கெடாது என்று காலையில் காய்ச்சியதை மதியம் வரை வைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். பிறகு அது ட்யூபின் மேல் பழியாகும்.

5. ட்யூபைத் திறக்குமுன்: இந்த வரிசை மாறக்கூடாது

கஞ்சிக் குவளை ஓரமாக இருக்கட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அப்பாவை உட்காரவைக்க வேண்டும். நாற்காலி முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கட்டிலில் முதுகைக் குறைந்தது 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, இடுப்பு மடங்கும் இடத்தில் உடல் மடங்குமாறு. மெத்தையில் தலையணையைத் தலைக்கு மட்டும் கொடுத்தால் கழுத்துதான் வளையும், வயிறு படுத்தபடியே இருக்கும். முதுகுக்குப் பின்னால் சாய்வாக அடுக்கிய மூன்று தலையணைகள், அல்லது தலைகீழாகக் கவிழ்த்த ஒரு நாற்காலியின் முதுகு வேலைக்கு ஆகும். பக்கவாதம் வந்த பக்கம் சரிந்துவிடாமல் ஒரு தலையணை அங்கே.

அடுத்தது குறி. மூக்கில் 55 நிற்கிறதா, பிளாஸ்டர் கழன்றிருக்கிறதா.

பிறகு டார்ச். "அப்பா, வாயத் தொறங்க" என்று சொல்லி உள்ளே பார்க்க வேண்டும். இருமிய பிறகோ வாந்திக்குப் பிறகோ ட்யூப் தொண்டையில் சுருண்டு வாயில் வளையமாக நிற்கலாம். வெளியே குறி 55ஆகவே இருக்கும். குறி ஒன்றை மட்டும் நம்பியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கடைசியில் வயிற்று நீர். மூடியைத் திறக்குமுன் ட்யூபை விரலால் மடித்துப் பிடித்து, சிரிஞ்சைச் செருகி, மடிப்பை விட்டு மெல்ல இழுக்க வேண்டும். வருகிற நீரில் ஒரு சொட்டைப் பிஹெச் தாளில் விட்டால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். அப்படியானால் நுனி வயிற்றில் இருக்கிறது. முந்தைய ஊட்டல் முடிந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கும் பால் தாளின் எண்ணை மாற்றிக் காட்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் எண் ஏறலாம். இந்த அப்பாவுக்கும் அது உண்டு. அதனால் வார்டிலேயே இரண்டு நாள் பார்த்து, அவருக்கு வழக்கமாக வரும் எண்ணை எழுதி வாங்கியிருந்தார்கள்.

நீர் வரவில்லையென்றால் பதறாதீர்கள். ட்யூபின் நுனி வயிற்றுச் சுவரில் ஒட்டியிருக்கலாம். இடது பக்கமாகச் சாய்த்து 15 நிமிடம் விட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.

காற்றை ஊதி, வயிற்றில் ஸ்டெத்தஸ்கோப் வைத்து "குளுக்" சத்தம் கேட்கும் முறையைப் பல இடங்களில் இன்னும் சொல்லித் தருகிறார்கள். அதை மட்டும் நம்பக்கூடாது. நுனி மூச்சுக்குழாயில் இருந்தாலும் சத்தம் வயிற்றுப் பக்கம் கேட்கும். ட்யூபின் வாயைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டுக் குமிழி பார்ப்பதும் அதே போலத்தான். முதன்முதலில் ட்யூப் போட்டபோது எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்ததற்குக் காரணம் இதுவே.

இழுத்த நீர் எவ்வளவு என்பதும் ஒரு செய்தி. கடந்த வேளை கொடுத்ததில் பாதிக்கு மேல் திரும்பி வருகிறதென்றால் வயிறு காலியாகவில்லை. அதை மெல்லத் திரும்பச் செலுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே செல்லும். அடுத்த தடவையும் அப்படியே இருந்தால், வயிறு உப்பியிருந்தால், வந்த நீர் காப்பித்தூள் நிறத்திலோ ரத்தமாகவோ இருந்தால் டாக்டருக்குப் போன்.

6. ஊற்றுவது

சிரிஞ்சின் உள் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளிக்குழலை மட்டும் ட்யூபில் செருக வேண்டும். ட்யூபை மடித்தபடியே 30 மில்லி தண்ணீர் ஊற்றி மடிப்பை விடுங்கள். தண்ணீர் தானாக இறங்க வேண்டும். இறங்கினால் வழி சுத்தம். இறங்காவிட்டால் கஞ்சியை ஊற்றாதீர்கள். கஞ்சி ஊற்றிய பிறகு தெரியும் அடைப்பைவிட, தண்ணீரில் தெரியும் அடைப்பு எடுக்கச் சுலபம்.

பிறகு கஞ்சி. சிரிஞ்சை வயிற்றுக்கு மேலே ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் பிடித்துக்கொண்டால் தன் எடையிலேயே இறங்கும். வேகமாக இறங்கினால் கையைத் தாழ்த்துங்கள். ஒரு சிரிஞ்சு நிறைய 50 மில்லி, 250க்கு ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 3, 4 நிமிடம். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் ஆகும். இரண்டாம் நாள் மாலை இந்த மகளுக்குக் கை வலித்தது, தண்டைப் போட்டுத் தள்ளிவிட்டாள். 5 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு வயிறு உப்பி, ஏப்பத்தோடு கஞ்சி தொண்டைக்கு ஏறியது. வேகமாகத் தள்ளினால் வயிறு ஒரேயடியாக விரிகிறது, வயிற்றின் மேல் வாய் திறந்துகொள்கிறது. கை வலித்தால் ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பட்டை கட்டி சிரிஞ்சைச் செருகி வைக்கலாம். ஆனால் எழுந்து போகக்கூடாது.

சிரிஞ்சு முழுக்கக் காலியாகும் முன்பே அடுத்ததை ஊற்ற வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் காற்று போய் வயிறு உப்பும்.

ஊற்றும்போது இருமல், மூச்சு வாங்கல், உதடு நீலம், தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் உடனே சிரிஞ்சை வயிற்றுக்குக் கீழே இறக்குங்கள், உள்ளே இருப்பது திரும்பி வரும். ட்யூபை மடித்து மூடி, ஒருக்களித்துத் திருப்பி, 108ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு இருமல் வராமலும் உணவு நுரையீரலுக்குள் போகலாம். அடுத்த இரண்டு நாளில் காய்ச்சலும் வேகமான மூச்சும் வந்தால் அதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

முடிந்ததும் 30 மில்லி தண்ணீர், மடித்து, மூடி. உட்கார்ந்த நிலையிலேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும். அதற்குள் துணி மாற்றவோ படுக்கை விரிக்கவோ படுக்கவைக்காதீர்கள். அந்த வேலையை ஊட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சிரிஞ்சைப் பிரித்து வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். தண்டு திக்கித் திக்கி நகர ஆரம்பித்தால் அதை மாற்ற வேண்டும்.

7. மாத்திரை

மாத்திரைப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து, "இதை நசுக்கலாமா?" என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால் நாள் முழுக்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று இருப்பவை இந்த வகை. பக்கவாதத்துக்குப் பிறகு கொடுக்கும் ஆஸ்பிரினும் பெரும்பாலும் குடலில் கரையும் உறை போட்டது. நசுக்கினால் உறைத் துணுக்குகள் ட்யூபில் ஒட்டும். கரையும் வகையாக மாற்றித் தரச் சொல்லலாம்.

நசுக்கக் கூடியதை மாவு மாதிரி பொடித்து, 15 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே கொடுத்து, நடுவில் 10 மில்லி தண்ணீர் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் சில சேர்ந்து கட்டியாகும். கஞ்சியில் கலக்கவே கூடாது. வேளை பாதியில் நின்றால் எந்த மாத்திரை எவ்வளவு போனது என்று தெரியாது. வலிப்புக்கு ஃபெனிடாய்ன் கொடுப்பதாக இருந்தால் உணவுக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி தேவைப்படும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. அடைப்பு: ஜவ்வரிசி வந்த இரவு

மூன்றாம் நாள் அத்தை வந்தார். சேலத்துக்காரர், ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லாத ஊர். "வயித்துக்குக் குளிர்ச்சி" என்று ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, நன்றாக வடித்துத்தான் கொடுத்தார். சூடாக இருக்கும்வரை தண்ணீர் போல ஓடியது. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் வெறும் மாவுச்சத்து. ஆறினால் கோந்து. கடைசி 30 மில்லி தண்ணீரை விடுவதற்குள் அப்பா இருமினார், மகள் சாய்வைச் சரிசெய்துவிட்டு 10 நிமிடம் கழித்து வந்தாள். தண்ணீர் இறங்கவில்லை.

முதலில் வெளியே தெரியும் இடத்தில் ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிப்பில்லை. அடுத்து, 50 மில்லி சிரிஞ்சால் உள்ளே நிற்பதை இழுத்து எடுக்க வேண்டும். பிறகு 20 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து, மறுபடி தள்ளி. நடுநடுவே வெளியே இருக்கும் பகுதியை விரலால் உருட்டிப் பிசைந்துவிட வேண்டும். நகரவில்லையென்றால் அந்த வெதுவெதுப்பான தண்ணீரை 15 நிமிடம் ட்யூபில் நிறுத்தி வைத்து, திரும்பவும். இவளுக்கு மூன்றாம் முறை வழி விட்டது.

சின்ன சிரிஞ்சு எடுக்காதீர்கள். குறுகலான சிரிஞ்சில் அதே கைவலு பல மடங்கு அழுத்தமாகும், ட்யூப் உள்ளே கிழியலாம். கம்பி, துடைப்பக் குச்சி, குளிர்பானம் எதுவும் வேண்டாம். குளிர்பானத்தின் அமிலம் பாலைத் திரித்து அடைப்பைக் கூட்டும். அரை மணி நேரத்தில் வழி விடாவிட்டால் ட்யூபை மாற்றத்தான் வேண்டும்.

ஜவ்வரிசியில் புரதம் கிட்டத்தட்ட இல்லை என்பதையும் அத்தைக்குச் சொல்லிவிடுவது நல்லது, சண்டை மிச்சம்.

9. "ஒரு வாய் காப்பி"

அதே அத்தை மறுநாள் டம்ளரோடு வந்தார். "நாக்கு நனையற மாதிரி ஒரு சொட்டு குடு கண்ணு, பாக்கவே பாவமா இருக்குது." விழுங்கும் பரிசோதனை செய்து டாக்டர் அனுமதிக்கும்வரை ஒரு சொட்டும் இல்லை. காப்பி போன்ற நீர்த்த பானம்தான் கட்டுப்பாடில்லாமல் மூச்சுக்குழாயில் முதலில் ஓடும். மகள் அத்தைக்கு வேறு வேலை கொடுத்தாள்: காலையும் இரவும் ஈரப் பஞ்சைப் பிழிந்து அப்பாவின் பல், நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் துடைப்பது, உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். வாயால் சாப்பிடாதவருக்கு வாயில் கிருமி அதிகம் சேரும், எச்சிலோடு அது நுரையீரலுக்கு இறங்கும். அதனால் இது ஒப்புக்குக் கொடுத்த வேலை அல்ல.

மூக்குப் பிளாஸ்டரைத் தினமும் மாற்றி, ஒட்டும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரே இடத்தில் இழுத்து ஒட்டினால் மூக்கு ஓரம் புண்ணாகும். உதட்டுக்கு வைத்த எண்ணெய் மூக்குக்கு வரக்கூடாது, பிளாஸ்டர் ஒட்டாது. அடுத்த பகுதி அதனால்தான் நடந்தது.

10. குறி 55 இல்லாத காலை

ஐந்தாம் நாள் காலை 6 மணி. கை கழுவி, அப்பாவைச் சாய்த்து, பார்த்தாள். பிளாஸ்டர் எண்ணெயில் வழுக்கிக் கழன்றிருந்தது. மூக்கில் 48. ட்யூப் 7 சென்டிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. நுனி உணவுக்குழாயில் நிற்கலாம். அங்கே ஊற்றினால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகும்.

செய்யக்கூடாதது: 7 சென்டிமீட்டரை உள்ளே தள்ளுவது. எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. செய்ய வேண்டியது: மூடியை இறுக்கி, இருக்கும் நிலையிலேயே பிளாஸ்டர் ஒட்டி, உணவையும் மருந்தையும் நிறுத்துவது. ட்யூப் முழுக்க வெளியே வந்திருந்தாலும் வீட்டில் திரும்பப் போடக்கூடாது.

அடுத்து இன்சுலின். அவள் கை சிரிஞ்சுப் பக்கம் போனது, நின்றது. சாப்பாடு போகாத வேளையில் சாப்பாட்டு இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழும், வாயால் சீனி கொடுத்து ஏற்றவும் வழியில்லை. மீட்டரில் பார்த்தாள், 118. வார்டு எண்ணுக்குப் போன் செய்து, காலை இன்சுலின் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பாருங்கள், 70க்குக் கீழ் போனால் 108 என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போடுபவர்கள் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மலைமேல் இருப்பவர்கள் இதை முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்: பக்கத்தில் ட்யூப் போடும் ஆள் எங்கே, எத்தனை மணிக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார்களா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் ஆன வாரமே கேட்டுப் பதிந்துகொள்ளலாம். இவர்கள் இன்னும் பதிந்திருக்கவில்லை, அதனால் வண்டி பிடித்துச் சேலத்துக்கு இறங்கினார்கள். வயிறு காலி, ஆகவே வளைவுகளில் வாந்தி பயம் இல்லை.

புது ட்யூப் போட்டு எக்ஸ்ரே பார்த்தார்கள். கிளம்பும்போது சிஸ்டர் எதுவும் சொல்லுமுன் மகள் குனிந்து மூக்கைப் பார்த்தாள். 57. பையிலிருந்த தாளை எடுத்து 55ஐ அடித்துவிட்டு 57 என்று எழுதினாள், தேதியும் போட்டாள். 12 மணி வேளையை வார்டிலேயே கொடுத்து, 2 மணி நேரம் உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் வண்டியைக் கூப்பிட்டாள்.